‘தொழில்: கூலி’ என்று எழுதிய கையிலிருந்து ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் காசநோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கும், எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதித் தரும் நெஞ்சக மருத்துவர்களுக்கும், கணினியில் பெயர் ஏற்றும் என் பழைய சகாக்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவனாக இருந்தவன்தான். காசநோய் சுகாதாரப் பார்வையாளராகச் சேர்ந்து, மலையடிவாரத்து ஊர்களில் டி.வி.எஸ். வண்டியில் மாத்திரைப் பெட்டியோடு சுற்றி, சளி டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். ஊர் ஊருக்கு ‘டி.பி. சார்’ என்றால்தான் என்னைத் தெரியும். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. குவாரியில் கல்தூசி தின்றவரின் நோயைக் காசநோய் என்று மட்டுமே எழுதிவந்த தவறைத்தான் சொல்லப்போகிறேன்; அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு துட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அடுத்த தெருவில் ஒரு அம்மா கூப்பிட்டார். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் என்னிடம் மாத்திரை வாங்கித் தின்றவர், 2021இல் இறந்துபோனார். “சார், அவிய படமெல்லாம் அப்படியே கெடக்கு. தூரப் போடவும் மனசு வரல. ஒங்களுக்கு எதுக்காச்சும் ஒதவுமா பாருங்க” என்று கதவுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சப்பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மூன்று எக்ஸ்ரே படங்கள்: 2011, 2013, 2019. கூடவே மூன்று சிகிச்சை அட்டைகள். இரண்டு அட்டைகளில் என் கையெழுத்து. தொழில் என்ற இடத்தில் இரண்டிலும் ‘கூலி’ என்று எழுதியிருந்தேன்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும். குவாரியில் கம்ப்ரசர் ஆள். ஜாக்ஹேமரைத் தொடையில் அண்டக்கொடுத்து, வெடி வைக்கப் பாறையில் குழி போடுகிறவர். பதினாறு வருஷம் அதையே செய்தார். தெரிந்தும் ‘கூலி’ என்றுதான் எழுதினேன். ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். வயல் வேலைக்குப் போகிறவரும் கூலி, கொத்தனாரும் கூலி, கிரஷரில் பெல்ட்டுக்குக் கீழே டஸ்ட் அள்ளுகிறவரும் கூலி.

அந்த மூன்று படங்களையும் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் முப்பது வருஷம் படத்தோடு புழங்கிய கண்.

2011 படத்தில், நெஞ்சின் இரண்டு பக்கமும் மேல்பாதியில் சின்னச் சின்ன உருண்டைப் புள்ளிகள். கடுகைத் தூவிவிட்டதுபோல, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக. பொத்தல் கிடையாது, நீர் கிடையாது. அட்டையில் பார்த்தால் சளி இரண்டு முறையும் நெகட்டிவ். காய்ச்சல் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இருமலும், மேடு ஏறினால் மூச்சு வாங்குவதும் மட்டும். எடை 52 கிலோ. ‘இருபக்க மேல் நுரையீரல் நிழல், காசநோயாக இருக்கலாம்’ என்ற எக்ஸ்ரே குறிப்பை வைத்து ஆறு மாத மருந்து ஆரம்பித்தோம். முடிவில் எடை 53. ‘சிகிச்சை முடிந்தது’ என்று எழுதி, “இனி ஒண்ணுமில்ல, வேலைக்குப் போலாம்” என்று சொன்னது நான்தான். அவரும் போனார், அதே கம்ப்ரசருக்கு.

2013 படத்திலும் அதே புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. கொஞ்சம் பெரிதாகி, வலப்பக்கம் இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டத் தொடங்கியிருந்தன. சளி மறுபடியும் நெகட்டிவ். முன்னமே மருந்து சாப்பிட்டவர் என்பதால் அப்போதைய வழக்கப்படி எட்டு மாத மறுசிகிச்சை, முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. இருபத்துநாலு ஊசி. அதற்கப்புறம் அவருக்குக் காதில் ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம் நிற்கவே இல்லை என்று அந்த அம்மா சொன்னார். அந்த ஊசி காதைக் கெடுக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

இந்த இரண்டு படங்களையும் அன்றைக்கு யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு கேள்வி வந்திருக்கும். ஆறு மாதம் முழு மருந்து தின்ற காசநோய் நிழல் ஏன் கொஞ்சம்கூடக் கரையவில்லை? காசநோய்ப் புள்ளி மருந்துக்குக் கரையும், அல்லது தழும்பாகச் சுருங்கும். மருந்து வேலை செய்யாவிட்டால் சில மாதங்களிலேயே பரவி ஆளைச் சாய்க்கும். இரண்டு வருஷம் அசையாமல் அப்படியே உட்கார்ந்து மெதுவாகத் தடிப்பது வேறு ஒன்று. அதன் பெயர் சிலிக்கோசிஸ், நம் ஊர்க் கணக்கில் கல்தூசி நோய். அந்தப் பெயர் மூன்று அட்டையிலும் இல்லை.

மூன்றாவது படம் வேறு மாதிரி. 2019. வலது மேல்பக்கம் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டியாகி, அதன் நடுவே ஒரு பொத்தல். எடை 44. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை. ஜீன் பரிசோதனையில் கிருமி தெரிந்தது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமி. இந்த முறை உண்மையான காசநோய்தான். முதல் இரண்டு முறை இல்லாத நோயை இருக்கிறது என்று எழுதினோம். அதனால் இருந்த நோயைத் தப்பவிட்டோம். அந்த நோய் எட்டு வருஷத்தில் மெய்யான காசநோயைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த மடலை அந்த அம்மாவின் மகனும் படிப்பான். அவனுக்காகச் சொல்கிறேன். பாறையில் துளை போடும்போது கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புகை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத தூசி. ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள். ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அது மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். தலையில் கட்டிய துண்டை மூக்கில் சுற்றினால் அது நிற்காது. நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளணு அதை விழுங்கும். தூசியில் இருப்பது குவார்ட்ஸ். அதைச் செரிக்க முடியாமல் அணுவே செத்து வெடிக்கும். உள்ளிருந்த துகள் வெளியே வரும், அதை இன்னொரு அணு விழுங்கும், அதுவும் சாகும். இந்தச் சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாகி உருண்டை உருண்டையாய் இறுகும். வேலையை விட்ட பிறகும் இது ஓயாது; உள்ளே போன கல் உள்ளேயேதானே கிடக்கிறது. இதே வெள்ளணுதான் காசநோய்க் கிருமியைப் பிடித்து அடக்கி வைப்பதும். அது சாகச் சாகக் கிருமிக்குக் கதவு திறக்கிறது. சிலிக்கோசிஸ் வந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைப்போல மூன்று மடங்கு, நோய் முற்ற முற்ற அதைவிடப் பல மடங்கு. நிழல் விழும் அளவுக்கு முற்றாமல் வெறுமனே தூசி தின்றவருக்கும் அந்த ஆபத்து கூடுதல்தான்.

எல்லாத் தூசியும் இப்படிக் கிடையாது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் திங்கட்கிழமை நெஞ்சடைப்பு என்று சொல்வார்கள். ஞாயிறு லீவு முடிந்து மறுநாள் பஞ்சுத் தூசிக்குள் நுழைந்ததும் நெஞ்சைப் பிடிக்கும், வாரம் போகப் போகக் குறையும். அது மூச்சுக்குழலைச் சுருக்குகிற பைசினோசிஸ். அதுவும் துன்பம்தான், ஆனால் கல்தூசிபோலக் காசநோயை அழைத்து வருவதாக அதற்குப் பேர் இல்லை. அதனால்தான் ‘தூசி வேலையா’ என்று மொத்தமாகக் கேட்டால் போதாது என்கிறேன். என்ன தூசி என்று கேட்க வேண்டும்.

நாம் என்ன கேட்டோம்? அட்டைகளைப் புரட்டினால் தெரிகிறது. பீடி குடிப்பாரா, தண்ணி அடிப்பாரா, சர்க்கரை இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா. எல்லாம் கேட்டிருக்கிறோம். பீடி என்ற இடத்தில் ‘ஆம்’ என்று இருந்ததும் நமக்குத் திருப்தி, காரணம் கிடைத்துவிட்டது. பீடி குடித்தால் மட்டும் இப்படி இரண்டு பக்கமும் கடுகு தூவியதுபோல வராது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

சரி, கணினி வந்த பிறகாவது மாறியதா? காசநோயாளிகளைப் பதிகிற நிக்ஷய் தளத்தில் `Key population` என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் `Miner`, அதாவது சுரங்கத் தொழிலாளி, என்றும் ஒரு பதில் உண்டு. நான் வேலையில் இருந்தவரை எங்கள் பக்கம் அதை யாரும் தொட்டதாக நினைவில்லை. புதிதாக வந்த ஒரு பையன் அதை `Minor` என்று படித்து, பதினெட்டு வயசு ஆகாதவர்களுக்கு என்று நினைத்திருந்தான். அவனைச் சிரித்துப் பயன் இல்லை. சுரங்கம் என்றால் நமக்கு நெய்வேலியும் கோலாரும்தான் ஞாபகம் வரும். ஆனால் வெடி வைத்துக் கல் எடுக்கிற குவாரி 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்திலிருந்தே சுரங்கம்தான். அங்கே குழி போடுகிறவர் சுரங்கத் தொழிலாளி. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து நாலு பேர் இறந்தபோது, சுரங்கப் பாதுகாப்பு, சுரங்க விதி என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. பாறை மேலே விழுந்தால் சுரங்கத் தொழிலாளி. அதே பாறை பொடியாகி உள்ளே போனால் கூலி.

அந்த ஒரு சொல்லால் என்ன போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது, வேலை. 2011இல் ‘கல்தூசி நோய்’ என்று எழுதியிருந்தால் நான் அவரிடம் “வேலைக்குப் போலாம்” என்று சொல்லியிருக்க மாட்டேன். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. செய்ய முடிந்த ஒரே பெரிய காரியம் தூசியிலிருந்து ஆளை எடுப்பது. அந்த வருஷம் எடுத்திருந்தால் கடுகுப் புள்ளியோடு நின்றிருக்கலாம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சிலருக்கு அப்புறமும் முற்றும். ஆனால் இன்னும் ஆறு வருஷம் தூசியை அள்ளிப் போட்டது முற்றுவதற்குத்தான் உதவியது. காசநோய் என்று எழுதியதால் குணமாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு போனார். கம்ப்ரசர் முதலாளியிடம், “டி.பி. சரியாப் போச்சு அண்ணாச்சி, சர்க்கார்ல அட்டை குடுத்துட்டாவ” என்று என் அட்டையைக் காட்டித்தான் வேலையைத் திரும்ப வாங்கினாராம்.

இரண்டாவது, மருந்தின் காலம். 2019இல் வந்தது சிலிக்கோசிஸ் மேல் ஏறிய காசநோய். வெறும் காசநோயாக நினைத்து ஆறு மாதத்தில் முடித்தோம். கடைசிச் சளி நெகட்டிவ்; ‘குணம்’ என்று போட்டாயிற்று. அடுத்த வருஷமே திரும்பியது. இதில் ஒரு விஷயம் எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, தெரிந்த அன்று சோறு இறங்கவில்லை. சிலிக்கோசிஸோடு காசநோய் வந்த ஹாங்காங் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆறு மாதமும் மற்றதற்கு எட்டு மாதமும் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு தொடர்ந்து கவனித்ததில் ஆறு மாதக்காரர்களில் 22 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது; எட்டு மாதக்காரர்களில் 7 சதவீதம். 1991இல் வெளியான ஆய்வு. அதை நடத்தியவர்களில் ஒரு பங்காளி யார் தெரியுமா? சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையம். நமக்கெல்லாம் பயிற்சிப் பாடம் வந்த அதே இடம். சென்னைக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த விஷயம் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேரவில்லை. எத்தனை மாதம் கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் இது சிலிக்கோசிஸ் என்று தெரிந்தால்தானே அந்த முடிவை எடுக்கவே முடியும்?

மூன்றாவது, பணம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது; அவர் இறந்தபோது நடப்பில் இருந்ததும் அதுதான். அதன் மூன்றாம் அட்டவணையில் வேலையால் வரும் நோய்கள் வரிசையாக இருந்தன. அதில் சிலிக்கோசிஸும் இருந்தது. அதோடு, சிலிக்கோசிஸும் காசநோயும் சேர்ந்த நோய் என்று தனியாகவே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஆள் முடங்கவோ சாகவோ சிலிக்கோசிஸ் முக்கியக் காரணமாக இருந்திருந்தால் போதும் என்றது அந்தச் சட்டம். இந்த இரண்டு நோயும் கைகோத்து வரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஒரு குவாரித் தொழிலாளி அந்த அட்டவணையில் இழப்பீடு கேட்க முடியாது. அந்த அம்மாவிடம் இருப்பது காசநோய் என்று எழுதிய மூன்று அட்டை, கூலி என்று எழுதிய தொழில். ஒரு வக்கீலிடம் கொண்டுபோனார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “இதுல குவாரின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே தாயி” என்றாராம். குவாரியில் சம்பளச் சீட்டு கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, வாரக்கடைசியில் கையில் பணம். பீடி சுற்றுகிற அந்த அம்மாவுக்காவது அடையாள அட்டையும் பி.எஃப். எண்ணும் இருக்கின்றன. பதினாறு வருஷம் பாறையைத் துளைத்த மனுஷனுக்கு, அவர் அங்கே வேலை பார்த்தார் என்று சொல்ல அரசாங்கக் காகிதம் என்று ஒன்று இருந்திருந்தால் அது என் சிகிச்சை அட்டையாகத்தான் இருந்திருக்கும்.

ராஜஸ்தானில் கல் வெட்டுகிறவர்களுக்கு மாவட்டந்தோறும் சான்றளிக்கும் மருத்துவக் குழு இருக்கிறது, 2019இல் தனிக் கொள்கையே கொண்டுவந்து உதவித்தொகை கொடுக்கிறார்கள். நம் பக்கம் அப்படி ஏற்பாடு வந்தாலும், சான்று கேட்கும்போது கையில் காட்ட முதலில் எழுத்து வேண்டும்.

நீங்கள் உடனே கேட்கப்போவது எனக்குத் தெரியும். ‘குவாரி ஆள் என்றதும் சிலிக்கோசிஸ் என்று எழுதி, மருந்து கொடுக்காமல் விட்டு, அவருக்கு உண்மையிலேயே காசநோய் இருந்து ஊரெல்லாம் பரப்பினால் யார் பொறுப்பு?’ நியாயமான கேள்வி. காசநோய் மருந்தை நிறுத்தச் சொல்லி ஒரு நாளும் சொல்ல மாட்டேன். கல்தூசித் தழும்புக்குள் கிருமி அடைபட்டுக் கிடந்தால் சளியில் வராமல் ஏமாற்றும். ஒரு நெகட்டிவை நம்பி விட்டுவிட முடியாது. எக்ஸ்ரேயும் சில நேரம் இரண்டு நோய்க்கும் ஒரே மாதிரிதான் காட்டும், கைதேர்ந்தவர்களே திணறுவார்கள். இதற்கென்று ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிற சுலபமான சோதனையும் நம் மையங்களில் கிடையாது. சிலிக்கோசிஸ் என்று சொல்ல மூன்று சேர வேண்டும்: தூசியில் இத்தனை வருஷம் இருந்தார் என்ற வரலாறு, அதற்குப் பொருந்தும் படம், வேறு நோய் இதை விளக்கவில்லை என்ற உறுதி. இதில் முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது. அந்த முதலாவதைக் கேட்டு எழுத வேண்டியவர் எக்ஸ்ரே டாக்டர் அல்ல, வாசலில் அட்டை போடுகிற நாம்தான்.

அதனால் என் கோரிக்கை சின்னது. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். “என்ன வேலை?” என்று கேட்டால் கூலி என்றுதான் பதில் வரும். “கையில் என்ன பிடித்து வேலை பார்ப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்ரசர் என்பார், கட்டர் என்பார், சம்மட்டி என்பார், மண்வெட்டி என்பார். எத்தனை வருஷம் என்று கேளுங்கள். அப்புறம், “இதற்கு முன்னே?” என்று கட்டாயம் கேளுங்கள். இன்றைக்கு டீக்கடை வைத்திருப்பவர் பத்து வருஷத்துக்கு முன் கிரஷரில் இருந்திருப்பார். நோய் வழக்கமாகப் பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் படத்தில் தெரியும். தூசி மிக அதிகமாக இருந்தால் ஐந்து வருஷத்துக்குள்ளேயே வந்து ஆளை முடிக்கிற வகையும் உண்டு. தண்ணீர் விட்டுத் துளை போட்டார்களா, வறட்டுத் துளையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் பெரும்பாலும் வறட்டுத் துளை என்றுதான் வரும். தண்ணீர் விட்டால் தூசி சேறாக அங்கேயே விழுந்துவிடும். ஆனால் கோடையில் குவாரிக்குக் குடிக்கவே தண்ணீர் லாரியில் வருகிறது. துளைக்கு யார் விடுவார்கள் என்பார்கள்.

இந்தப் பதிலை ஒரு வரியாக எழுதுங்கள். ‘குவாரியில் கம்ப்ரசர் துளை, 16 வருஷம், தண்ணீர் இல்லை, 2017 வரை.’ அந்த வரி எக்ஸ்ரே கேட்கும் சீட்டிலும் போக வேண்டும். வெறுமனே ‘இருமல், நெஞ்சுப் படம்’ என்று அனுப்பினால், நூறு படம் பார்க்கிற மருத்துவர் நம் ஊரில் அதிகம் பார்ப்பதைத்தான் எழுதுவார். அதோடு, பழைய படம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப்போல உண்மை சொல்லும் சோதனை வேறு எனக்குத் தெரியாது. புள்ளி வருஷக்கணக்கில் அசையவில்லை என்றால் தூசியைச் சந்தேகிக்கலாம். சில மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் மாறினாலோ, கட்டிக்குள் பொத்தல் விழுந்தாலோ, எடை இறங்கினாலோ, சளியை மறுபடி மறுபடி அனுப்ப வேண்டும், கல்ச்சரும் போட வேண்டும்.

இன்னொரு சீட்டா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தபோதும் அப்படித்தான் முனகினோம். எடை, உயரம், கால் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் ஆக்சிஜன், தாங்கல் இல்லாமல் நிற்கிறாரா என்று ஒரே ஒரு தாளில் பார்த்துத்தான் யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று பிரித்தோம். பெரிய மெஷின் எதுவும் வரவில்லை. அந்தத் தாளின் கீழே இந்த ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

அந்த வரியில் கல்தூசி என்று தெரிந்து, படமும் அப்படியே சொன்னால், நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. காசநோய் இல்லை என்று நன்றாக உறுதியானவருக்குத் தடுப்பு மருந்து யோசிக்கலாம். நம் நாட்டு வழிகாட்டுதலில் 2021 முதல் சிலிக்கோசிஸ்காரர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உறுதி செய்யாமல் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடுவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றது, தெரிவிப்பது. சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். தொழிற்சாலைச் சட்டம் 1948இன் 89ஆம் பிரிவிலேயே, நோயைக் கண்ட மருத்துவர் தாமதிக்காமல் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. காசநோயைத் தெரிவிக்காவிட்டால் மெமோ வரும் என்று நமக்குத் தெரியும். இதைத் தெரிவிக்காததற்கு ஒருவரும் ஒரு மெமோ வாங்கி நான் பார்த்ததில்லை.

குவாரிக்காரரைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்குமே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. கேரளாவுக்கு எம்-சாண்டும் சல்லியும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகப் போகிற லாரிகளைத் தினமும் பார்ப்பவன் நான். அதில் எவ்வளவு பணம் ஓடுகிறது என்று ஊகிக்க முடியும். ஆனால் நான் கேட்பது குவாரியைப் போய் மூடச் சொல்லி இல்லை. உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் ஆள் வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

குவாரியோடு இது முடியவும் இல்லை. இப்போது துளை போட ஒடிசா, பீகார்ப் பையன்கள் வருகிறார்கள். இரண்டு வருஷம் தூசி தின்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், நோய் அங்கே போய்ப் பூக்கும். நம்மிடம் வருவது இருமல் மருந்துக்கு ஒரே ஒரு தடவை; அந்தத் தடவையில் எழுதினால் உண்டு. பாளையங்கோட்டையில் புது வீடுகளுக்குக் கிரானைட் சமையல் மேடை அறுக்கிற பையன்களைப் பாருங்கள். வறட்டுக் கட்டர், முகத்தில் கர்ச்சீப்பு, புருவம் வரை மாவு. இப்போது ‘குவார்ட்ஸ்’ என்று ஒரு செயற்கைக் கல் வந்திருக்கிறது, பளபளவென்று. அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை இந்த நஞ்சுதான். ஆஸ்திரேலியாவில் அதை அறுத்த இளவயதுக்காரர்களுக்கு நோய் வந்து, 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். இங்கே அதை அறுக்கிறவனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் உங்கள் முன் வந்து உட்காரும்போது என்ன வேலை என்று கேட்டால் ‘டைல்ஸ் வேலை’ என்பான். அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

அந்த அம்மாவிடம் நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. “இது டி.பி. மட்டும் இல்லம்மா, கல்தூசி” என்று மட்டும் சொன்னேன். அவர் பீடி இலையை வெட்டிக்கொண்டே, “அது எங்களுக்குத் தெரியும் சார். குவாரில அவிய கூட நின்ன நாலு பேரும் இப்படித்தான போனாவ. ஒங்களுக்குத் தெரியாதுன்னுதான் நாங்க நெனைக்கல” என்றார்.

மூன்று படங்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. பெயரை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன், அந்த அம்மாவும் சம்மதித்திருக்கிறார். அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு என்னை அழைத்தால் கொண்டுவருகிறேன். ஆண்டு வரிசையில் மாட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். ப்ரொஜெக்டர் எல்லாம் தேவையில்லை. அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் அந்தப் பழைய எக்ஸ்ரே லைட் பெட்டியை மட்டும் தூசி தட்டி, எரிகிறதா என்று பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசநோய் சுகாதாரப் பார்வையாளர் ஒருவர்